கடைசி கிளாஸ் எப்போது, கடைசி மாத்திரை எப்போது

"மேடம், சிஆர்ஆர்ஐ முடித்துவிட்டு பிஜி நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆல்கஹால் வித்ட்ராயல், ஓபியாய்ட் வித்ட்ராயல் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால் சொல்லிவிடுவேன். கேள்வியில் இரண்டும் கலந்து வந்தால் எந்த அறிகுறி எதனுடையது, எந்த மருந்து முதலில் என்று குழம்பிவிடுகிறது. ஃபாரென்சிக்கில் வேறு, டெலீரியம் ட்ரெமென்ஸில் இருப்பவர் செய்த குற்றம் போதைப் பிரிவில் வருமா, மனநோய்ப் பிரிவில் வருமா என்று தெரியவில்லை. ஒரு கேஸ் வைத்து விளக்க முடியுமா?"

சரி, ஒரு கேஸ் கட்டுவோம். உண்மையான ஆள் இல்லை, ஆனால் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்த்த யாருக்கும் அறிமுகமானவர்தான். வயது 42, லோடு மேன். பத்துப் பன்னிரண்டு வருடமாகக் குடி, இப்போது தினம் இரண்டு குவார்ட்டர். மூட்டை தூக்கி முதுகு வலி என்று டபென்டடால் மாத்திரையில் தொடங்கி, கடந்த ஒரு வருடமாக வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் பல மாத்திரைகள். சனிக்கிழமை மதியம் 2 மணிக்குக் கடைசியாக மாத்திரை போட்டார், இரவு 8 மணிக்குக் கடைசி கிளாஸ், 9 மணிக்கு ஒரு அடிதடி வழக்கில் கைது. அதன் பிறகு இரண்டும் கிடையாது.

முதலில் இரண்டு குவார்ட்டர் என்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடுங்கள், ஏனென்றால் ஃபாரென்சிக்கிலும் இது வரும். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும், அது கன அளவில். 180-ஐ 0.428-ஆல் பெருக்கினால் 77 மில்லி சுத்த ஆல்கஹால், ஆல்கஹாலின் அடர்த்தி 0.79 என்பதால் எடையில் ஏறக்குறைய 61 கிராம். நம் ஊர்ப் பாடப்புத்தகக் கணக்கில் 10 கிராம் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க், ஆக ஒரு குவார்ட்டரே ஆறு டிரிங்க், இவர் தினம் பன்னிரண்டு. "டெய்லி ஒரு குவார்ட்டர்தான் டாக்டர், அதிகமில்லை" என்று சொல்பவரின் கேஸ் ஷீட்டில் 'சோஷியல் டிரிங்கர்' என்று எழுதி வைத்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொரு கேள்வி, காலையில் எழுந்ததும் கை நடுங்குமா, அதற்காகக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்வாரா என்பது. கேஜ் கேள்விகளில் நான்காவது இது. மதுக்கடை மதியம் 12 மணிக்குத்தான் திறக்கும், அதனால் நம் நோயாளிகளில் நிறையப் பேர் முந்தின இரவே காலைக்கென்று பாதி பாட்டிலைப் பதுக்கி வைப்பார்கள். அப்படிப் பதுக்குபவருக்குக் குடியை நிறுத்தினால் வித்ட்ராயல் வரும் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, குழப்பம் வந்ததா என்பதையும் கேட்க வேண்டும், முன்பு வந்தவருக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு அதிகம்.

இனி நேரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கேஸைத் தொடருங்கள். உங்கள் குழப்பத்துக்குப் பெரும்பாலும் காரணம், அறிகுறிகளைப் பட்டியலாகப் படித்துவிட்டு நேரத்தை விட்டுவிடுவதுதான்.

ஞாயிறு விடிகாலை 4 மணி. கடைசி கிளாஸ் முடிந்து 8 மணி நேரம், கடைசி மாத்திரை முடிந்து 14 மணி நேரம். லாக்கப்பில் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார், கை நடுங்குகிறது, வியர்க்கிறது, இரண்டு முறை வாந்தி, நாடி 112. கூடவே ஓயாமல் கொட்டாவி, மூக்கு ஒழுகுகிறது, கண்ணில் நீர், தோலில் மயிர்க்கூச்செறிந்து நிற்கிறது, கால் எலும்பு குடைகிறது என்கிறார், இரண்டு முறை வயிற்றுப்போக்கு.

இதைப் பிரித்துப் பாருங்கள். வியர்வை, வாந்தி, வேகமான நாடி, தூக்கமின்மை, பதற்றம், நடுக்கம் ஆகியவை இரண்டிலும் வரும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நடுக்கம் இவ்வளவு முன்னணியில் இருந்தால் மட்டும் மனது ஆல்கஹால் பக்கம் சாய வேண்டும், ஆல்கஹால் வித்ட்ராயலில் மிக அதிகமாகக் காணப்படும் அடையாளம் எது என்று கேட்டால் அதற்கும் விடை நடுக்கம்தான். கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர், மயிர்க்கூச்செறிதல், எலும்பு வலி, வயிற்றுப்போக்கு இவை ஓபியாய்டின் முத்திரை. ஓபியாய்ட் உள்ளே இருக்கும்போது என்னென்ன செய்யுமோ அதற்கெல்லாம் நேர்மாறு என்று யோசித்தாலே போதும், மலச்சிக்கலுக்கு மாறாகப் பேதி, வலி மரத்துப்போவதற்கு மாறாக வலி, ஊசிமுனைக் கண்மணிக்கு மாறாக விரிந்த கண்மணி.

கண்மணி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. விரிந்த கண்மணி என்றதும் ஓபியாய்ட் வித்ட்ராயல் என்று டிக் போட்டுவிடுகிறீர்கள். ஆல்கஹால் வித்ட்ராயலிலும் சிம்பதெடிக் கொந்தளிப்பால் கண்மணி விரியலாம். ஆகவே இந்த இரண்டையும் பிரிக்கக் கண்மணி உதவாது. அது உதவுவது, ஓபியாய்ட் அளவு மீறிய விஷநிலையா வித்ட்ராயலா என்று பிரிக்க. கோமா, ஊசிமுனைக் கண்மணி, மூச்சு மந்தம் மூன்றும் சேர்ந்தால் விஷநிலை. பெத்திடின் என்றால் கண்மணி சுருங்காமலே இருக்கலாம், அதையும் கேட்பார்கள்.

பிரித்துக் காட்டுவது உண்மையில் இரண்டே விஷயம்தான்: வலிப்பும் நினைவுத் தெளிவும். பெரியவர்களில் சாதாரண ஓபியாய்ட் வித்ட்ராயலில் வலிப்பு வராது, ஆள் குழம்ப மாட்டார். எவ்வளவு துடித்தாலும் இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறேன், யார் என்னைப் பிடித்து வந்தார்கள் என்று சரியாகச் சொல்வார், கூடவே உங்களையும் நாலு வார்த்தை திட்டுவார். விதிவிலக்கு பச்சிளம் குழந்தைகள், தாயின் ஓபியாய்ட் நின்றுபோன சிசுவுக்கு வலிப்பு வரும். ட்ரமடாலுக்கும் டபென்டடாலுக்கும் வலிப்பு உண்டே என்று கேட்பீர்கள், உண்டு, ஆனால் அது அதிகமாகப் போட்டுக்கொண்டபோது வரும் விஷ விளைவு. நம் ஆள் மாத்திரையை நிறுத்தி ஒரு நாளுக்கு மேல் ஆகியிருக்கும்போது வலிப்பு வந்தால் அதை மாத்திரையின் தலையில் கட்டாதீர்கள்.

அவருக்கு வருகிறது. ஞாயிறு மாலை 6 மணி, கடைசி கிளாஸிலிருந்து 22 மணி நேரம், உடம்பு முழுக்க ஒரு வலிப்பு, ஒரு நிமிடத்தில் நின்றுவிட்டது. வித்ட்ராயல் வலிப்பு பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும், முழு உடம்பு டானிக்-க்ளானிக் வகை, சில மணி நேரத்தில் இன்னொன்றும் வரலாம். ஒரு பக்கக் கை மட்டும் இழுத்தது, ஒரு கண்மணி பெரிதாக இருக்கிறது, வலிப்புக்குப் பின் தெளியவே இல்லை, காய்ச்சல், இதில் எது இருந்தாலும் கதை வேறு. இவர் அடிதடியில் கைதானவர் என்பதை மறக்காதீர்கள், குடிகாரர் தலையில் அடிபட்டிருந்தால் மூளைக்கு வெளியே சப்டியூரலில் ரத்தம் மெதுவாகச் சேரும், "வித்ட்ராயல்தான்" என்று இரண்டு நாள் ஊசி போட்டுவிட்டுப் பிறகு சிடி எடுத்துப் பார்த்துத் திகைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. முதல் முறை வலிப்பு என்றால் சிடி எடுப்பதே நல்லது. ரத்தச் சர்க்கரையை உடனே பாருங்கள், அதற்கு நிமிடம் கூட ஆகாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆல்கஹால் வருடக்கணக்காக காபா என்ற பிரேக்கை அழுத்திப் பிடித்து குளுட்டமேட்டை அடக்கி வைத்திருந்தது, மூளை அதை ஈடுகட்ட காபா ஏற்பிகளைக் குறைத்து என்எம்டிஏ ஏற்பிகளைக் கூட்டிக்கொண்டது. ஆல்கஹால் போனதும் பிரேக் இல்லாமல் ஆக்ஸிலரேட்டர் மட்டும் மிஞ்சுகிறது, அதனால்தான் வலிப்பு. ஓபியாய்டில் அடங்கியிருந்தது லோகஸ் செருலியஸின் நார்அட்ரினலின், அது விட்டதும் பீறிடுகிறது, அதனால்தான் வேர்வையும் பேதியும் மயிர்க்கூச்சமும். மருந்துத் தேர்வு முழுவதும் இதிலிருந்தே வந்துவிடும்.

எதை முதலில் கொடுப்பது என்றால், கொல்லக்கூடியதை முதலில். ஓபியாய்ட் வித்ட்ராயல் கொடுமையானது, ஆனால் ஆரோக்கியமான பெரியவரை அது நேரடியாகக் கொல்வது அரிது. அதற்காக அலட்சியம் கூடாது, வாந்தியும் பேதியும் நிற்காமல் நீர் வற்றி லாக்கப்பிலேயே செத்துப்போனவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். ஆல்கஹாலில் டெலீரியம் ட்ரெமென்ஸை சிகிச்சை இல்லாமல் விட்டால் ஐந்தில் ஒருவர் வரை சாகலாம் என்பது பழைய பாடப்புத்தகக் கணக்கு, சிகிச்சையில் அது 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. ஆகவே முதல் மருந்து பென்ஸோடயஸெபைன்.

அதற்கும் முன்னால், அல்லது அதோடு சேர்த்து, தையமின். வாயால் கொடுத்தால் குடிகாரர் குடலில் சரியாக உறிஞ்சாது, ஊசி வழியாகத்தான். நடக்கத் தள்ளாடுகிறார், கண் பக்கவாட்டில் திரும்பவில்லை அல்லது நிஸ்டாக்மஸ் இருக்கிறது, குழம்பியிருக்கிறார் என்றால் வெர்னிக்கே, அப்போது 500 மில்லிகிராம் நரம்பு வழியாக தினம் மூன்று முறை. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வரும் என்று காத்திருக்காதீர்கள், ஐந்தில் ஒருவருக்குக்கூட மூன்றும் சேர்ந்து வருவதில்லை. 'குளுக்கோஸுக்கு முன் தையமின்' என்பது தேர்வில் தங்க விதி, ஏனென்றால் குளுக்கோஸை எரிக்க மிச்சமிருக்கும் கொஞ்சம் தையமினும் செலவாகி வெர்னிக்கேயைக் கிளப்பிவிடலாம். நிஜத்தில் ஒருவர் சர்க்கரை 40-க்கு இறங்கி மயங்கிக் கிடந்தால் தையமின் ஆம்பூலைத் தேடிக்கொண்டு குளுக்கோஸைத் தள்ளிப்போடக் கூடாது, இரண்டும் கூடவே போகட்டும்.

பென்ஸோடயஸெபைனில் எது? கல்லீரல் பரவாயில்லை, வாயால் சாப்பிட முடியும் என்றால் குளோர்டயஸெபாக்ஸைடு அல்லது டயஸெபாம், நீண்ட நேரம் இருக்கும், தானாகவே மெல்ல இறங்கும். குளோர்டயஸெபாக்ஸைடு 25 முதல் 50 மில்லிகிராம் ஆறு மணிக்கொரு முறை என்று தொடங்கி ஐந்தாறு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது வழக்கம். மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர், வயதானவர் என்றால் லோராஸெபாம் அல்லது ஆக்ஸஸெபாம், இவை கல்லீரலில் ஆக்சிஜனேற்றத்துக்குப் போகாமல் நேரே குளுகுரோனைடாகிவிடும். தசையில் ஊசி போட வேண்டிய நிலை என்றாலும் லோராஸெபாம்தான், டயஸெபாம் தசையில் ஒழுங்காக உறிஞ்சாது. நம் ஆளுக்கு வலிப்பு வந்ததும் லோராஸெபாம் 2 மில்லிகிராம் நரம்பில், இது அடுத்த வலிப்பு வரும் வாய்ப்பைக் குறைக்கும். ஃபெனிட்டாயின் இந்த வலிப்பைத் தடுப்பதில்லை, ஆனாலும் கைப்பழக்கத்தில் லோடிங் டோஸ் எழுதுபவர்கள் இருக்கிறார்கள், தேர்வில் அந்த ஆப்ஷன் வைத்திருப்பதே அவர்களுக்காகத்தான்.

தீவிரத்தை அளக்க சீவா அளவுகோல், திருத்தப்பட்ட வடிவத்தில் 10 அம்சம், மொத்தம் 67 மதிப்பெண். அதில் நாடியும் ரத்த அழுத்தமும் கிடையாது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஓபியாய்டுக்கு கௌஸ் அளவுகோல், 11 அம்சம், மொத்தம் 48, அதில் நாடி உண்டு. சீவா பேச முடிந்த, குழப்பமில்லாத ஆளுக்குத்தான் பொருந்தும், டெலீரியத்தில் இருப்பவரிடம் "பூச்சி ஊர்வது போல் இருக்கிறதா" என்று கேட்டு மதிப்பெண் போட முடியாது.

இப்போது கலப்பு கேள்வியின் உண்மையான பொறிக்கு வருகிறேன், அது குளோனிடின். ஞாயிறு காலையிலேயே யாரோ ஒருவர் கொட்டாவி, பேதி, மயிர்க்கூச்சம் எல்லாம் பார்த்து "ஓபியாய்ட் வித்ட்ராயல்" என்று சரியாகவே கண்டுபிடித்து, குளோனிடின் 0.1 மில்லிகிராம் மூன்று வேளை எழுதி அனுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோய் சரி, மருந்தும் அந்த நோய்க்குச் சரி. நாடி 112-லிருந்து 84-க்கு வந்துவிடும், வியர்வை குறையும், ரத்த அழுத்தம் இறங்கும், ஆளும் அமைதியாகத் தெரிவார். ஆனால் காபா-குளுட்டமேட் பக்கத்தில் அது எதையும் தொடவில்லை, வலிப்பும் டெலீரியமும் அதே நேரப்படி வரும். புகை வரும்போது அலாரத்தின் ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தூங்கப்போவது மாதிரி இது. ப்ரொப்ரனலாலும் இதே தப்பைச் செய்யும். குடியும் சேர்ந்திருக்கும் ஆளுக்குக் குளோனிடினை பென்ஸோடயஸெபைன் ஏறிய பிறகு துணையாகக் கொடுக்கலாம், தனியாகக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு டோஸுக்கும் முன் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், சிஸ்டாலிக் 90-க்குக் கீழே என்றால் அந்த டோஸைத் தவிர்க்க வேண்டும்.

ஓபியாய்ட் பக்கத்துக்கு நல்ல மருந்து புப்ரெனார்ஃபின்தான், நாக்கின் அடியில். இது மியூ ஏற்பியில் பாதி அகோனிஸ்ட், ஆனால் பிடி மட்டும் அசாத்திய பலம், உள்ளே இருக்கும் முழு அகோனிஸ்ட்டைத் தள்ளிவிட்டு இது உட்கார்ந்துகொள்ளும். முழு அகோனிஸ்ட் இன்னும் நிறைய இருக்கும்போதே கொடுத்தால் நூறு சதவீத வேலை திடீரென்று பாதியாகிறது, அரை மணி ஒரு மணி நேரத்தில் ஆள் முன்பைவிட மோசமாகத் துடிப்பார். இதுதான் ப்ரெசிபிடேட்டட் வித்ட்ராயல். அதனால் வித்ட்ராயல் நன்றாகத் தொடங்கி கௌஸ் 12-ஐ ஒட்டி வந்த பிறகே 2 மில்லிகிராம், பார்த்து மேலும். ஹெராயின் போன்ற குறுகிய நேர ஓபியாய்டுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் காத்தால் பெரும்பாலும் போதும், மெதடோன் என்றால் ஒன்று முதல் மூன்று நாள் வரை ஆகும். நம் ஆளுக்கு ஞாயிறு மாலைக்குள் அந்த நேரம் கடந்துவிட்டது. ஆனால் அவருக்குள் இப்போது பென்ஸோடயஸெபைனும் இருக்கிறது, புப்ரெனார்ஃபினோடு சேர்ந்தால் மூச்சு அடங்கும் அபாயம் கூடும். அதனால் விழித்திருக்கும்போது மட்டும், சின்ன டோஸில், மூச்சு எண்ணிக்கையையும் ஆக்சிஜன் அளவையும் கண்காணித்துக்கொண்டு.

திங்கள் இரவு 11 மணி. கடைசி கிளாஸிலிருந்து 51 மணி நேரம். போலீஸ்காரரைத் தன் மேஸ்திரி என்று நினைத்துப் பேசுகிறார், படுக்கை விரிப்பிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கிப் போடுகிறார், சுவரில் சின்னச் சின்ன ஆட்கள் ஓடுகிறார்கள் என்கிறார், கை முரட்டுத்தனமாக நடுங்குகிறது, வியர்வை கொட்டுகிறது, வெப்பநிலை 101. இதுதான் டெலீரியம் ட்ரெமென்ஸ், 48 முதல் 96 மணி நேரம். இங்கே தேர்வர்கள் தவறவிடுவது மதுசார் ஹலுசினோசிஸை. அதுவும் குடியை நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் வரும், ஆள் குரல்கள் கேட்கிறது என்பார், ஆனால் கிழமை, இடம், ஆள் எல்லாம் சரியாகச் சொல்வார், நாடி வெப்பநிலை பெரிதாகக் கெட்டிருக்காது. நினைவு தெளிவாக இருந்து குரல் கேட்டால் ஹலுசினோசிஸ், நினைவு மங்கி உருவம் தெரிந்தால் டெலீரியம். 'என்ன பார்க்கிறார்' என்பதைவிட 'இன்று என்ன கிழமை என்கிறார்' என்பதுதான் பெரிய துப்பு.

இந்த நேரத்தில் டயஸெபாம் அல்லது லோராஸெபாம் நரம்பில், சில நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்ப, தூங்கினாலும் கூப்பிட்டால் விழிக்கும் நிலை வரும்வரை. திரவம், பொட்டாசியம், மக்னீசியம், வெளிச்சமுள்ள அறை, சொந்தக்காரர் ஒருவர் பக்கத்தில். ஹாலோபெரிடால் மட்டும் போட்டு அடக்குவது தவறு, வலிப்பு வரும் எல்லையைக் குறைக்கும், பென்ஸோடயஸெபைனோடு துணையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். கட்டிலோடு கையைக் கட்டிப்போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவது அதைவிடப் பெரிய தவறு.

இனி ஃபாரென்சிக். அந்தத் திங்கள் இரவு அவர் டிரிப் ஸ்டாண்டைப் பிடுங்கிப் பக்கத்துப் படுக்கை நோயாளியின் தலையில் அடித்துவிட்டார் என்று வையுங்கள். அந்த நேரத்தில் ரத்தத்தில் ஆல்கஹால் சுழியம். அவர் போதையில் இல்லை, போதை நின்றதால் வந்த நோயில் இருக்கிறார். ஆகவே இது போதைப் பிரிவில் வராது, மனநிலை பிறழ்ந்தவரின் செயல் என்ற பிரிவில் வரும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 84, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 22. தான் செய்வது என்ன, அது தவறா, சட்டத்துக்குப் புறம்பா என்று அந்த நொடியில் அறிய முடியாத நிலையில் இருந்தார் என்று காட்ட வேண்டும், டெலீரியம் என்ற பெயர் மட்டும் போதாது. இங்கிலாந்தில் 1881-இல் டேவிஸ் என்பவர் வழக்கிலேயே இது தீர்ந்துபோன விஷயம், டெலீரியம் ட்ரெமென்ஸில் அண்ணியைத் தாக்கியவர் அவர், தாக்கிய நேரத்தில் குடிபோதை இல்லை, பைத்திய நிலையின் அடிப்படையில் குற்றமற்றவர் என்று தீர்ப்பு.

இதே ஆள் சனிக்கிழமை இரவு 8:30-க்கு, இரண்டு குவார்ட்டர் உள்ளே இருக்கும்போது, அதே அடியை அடித்திருந்தால் கதை வேறு. தானாக விரும்பிக் குடித்தது, ஆகவே பிரிவு 22-ம் உதவாது, 23-ம் உதவாது. 23 என்பது பழைய 85, அவருக்குத் தெரியாமலோ அவர் விருப்பத்துக்கு எதிராகவோ கொடுக்கப்பட்ட போதைக்கு மட்டும். 24, பழைய 86, தானாகக் குடித்தவருக்குக் குடிக்காதவருக்கு உள்ள அதே அறிவு இருந்ததாகவே எடுத்துக்கொள்ளும், ஆனால் குறிப்பான நோக்கம் இருந்ததா என்பதைச் சூழ்நிலையை வைத்துப் பார்க்க வேண்டும். 1956-இல் உச்ச நீதிமன்றம் பாஸ்தேவ் வழக்கில் பிரித்துக்காட்டியது இந்த அறிவு, நோக்கம் இரண்டையும்தான். அவர் திருமணத்தில் குடித்துவிட்டு ஒரு சிறுவனைச் சுட்டவர், தடுமாறினாலும் தானே நடந்து, பேசி, சுட்ட பின் தப்பிக்கப் பார்த்ததால் நோக்கமே உருவாக முடியாத அளவுக்குப் போதையில்லை என்று கொலைத் தண்டனைப் பிரிவு உறுதியானது.

வித்ட்ராயல் காவலில் நடக்கும்போது உங்கள் கையெழுத்துக்கு எடை கூடும். கைதான உடனே மருத்துவ அதிகாரி பரிசோதிக்க வேண்டும் என்பது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 53, அந்தப் பரிசோதனையில் "காயம் இல்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்பாமல் கடைசி கிளாஸ் எப்போது, கடைசி மாத்திரை எப்போது என்ற இரண்டையும் மணியோடு எழுதிவிடுங்கள். ஆள் காவலில் இறந்துவிட்டால் பிரிவு 196-இன்படி நீதித்துறை நடுவர் விசாரணை வரும், பிரேதப் பரிசோதனையில் 'இது டெலீரியம் ட்ரெமென்ஸ்' என்று அடித்துச் சொல்லும் தனி அடையாளம் எதுவும் கிடையாது. தலைக் காயம், நிமோனியா, கல்லீரல், விஷம் ஒவ்வொன்றையும் விலக்கிய பிறகு அந்த மணிக்கணக்குதான் கைகொடுக்கும். ரத்தம் எடுத்தால் தோலை ஸ்பிரிட்டால் துடைக்காமல், சோடியம் ஃபுளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் போட்ட குப்பியில்.

பத்து நாளில் இரண்டு வித்ட்ராயலும் அடங்கிவிடும் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நால்ட்ரெக்ஸோன் 50 மில்லிகிராம், குடி ஆசைக்கும் நல்லது, ஓபியாய்டுக்கும் நல்லது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று விடைத்தாளில் எழுதத் தோன்றும். அவர் புப்ரெனார்ஃபினில் இருந்தால் எழுதாதீர்கள், தடுப்பானைக் கொடுத்து நீங்களே வித்ட்ராயலை உண்டாக்குவீர்கள், அதுவும் நலாக்சோன் போல ஒரு மணி நேரத்தில் முடியாது, ஒரு நாளுக்கு மேல் நீளும். அப்படி இருப்பவருக்குக் குடி ஆசைக்கு அகம்ப்ரோசேட், 666 மில்லிகிராம் மூன்று வேளை, சிறுநீரகம் பார்த்துக்கொண்டு. எல்லா ஓபியாய்டும் நின்று 7 முதல் 10 நாள், மெதடோன் அல்லது புப்ரெனார்ஃபின் என்றால் இன்னும் சில நாள் கூடுதலாக, ஆன பிறகு, சந்தேகமிருந்தால் நலாக்சோன் சவால் சோதனை செய்துவிட்டு, நால்ட்ரெக்ஸோன் தொடங்கலாம். டைசல்ஃபிரம் கேட்டால், கடைசி கிளாஸிலிருந்து குறைந்தது 12 மணி நேரம், பாதுகாப்பாக 24, கழித்து, அவருக்குத் தெரிந்தே, சம்மதத்தோடு மட்டும். சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா என்று மனைவி கேட்பது நம் ஓபியில் வாடிக்கை, விடை எப்போதும் இல்லை என்பதுதான், தெரியாமல் குடித்து ரத்த அழுத்தம் விழுந்து செத்தால் அது உங்கள் மருந்துச் சீட்டு.

ஜாமீனில் வெளியே வந்தவர் மூன்றாம் நாள் பழைய அளவு மாத்திரையைக் கரைத்து ஊசியில் போட்டுக்கொண்டு இறந்தால் அதையும் தேர்வில் கேட்பார்கள், காரணம் எழுதுங்கள் என்று. டோஸ் பழையதுதான், தாங்கும் சக்தி போய்விட்டது, சிறையிலிருந்து வெளியே வந்த முதல் இரண்டு வாரம் ஓபியாய்ட் மரணம் அதிகமாக நடக்கும் காலம். மூச்சு இருக்கும்போதே கொண்டுவந்தால் நலாக்சோன் 0.4 மில்லிகிராமில் தொடங்கி மூச்சு வரும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள், ஆள் விழித்ததும் எழுந்து போக விடாதீர்கள், நலாக்சோன் ஒரு மணி நேரத்திலோ ஒன்றரை மணி நேரத்திலோ இறங்கிவிடும், உள்ளே இருக்கும் மாத்திரை அதற்குள் இறங்கியிருக்காது.

பிரிவு எண்ணில் எதை எழுதுவது என்றால், புதிய எண்ணை எழுதி, பக்கத்தில் பழையதையும் போட்டுவிடுங்கள், திருத்துபவர் எந்தப் புத்தகத்தில் படித்தவர் என்று நமக்குத் தெரியாது.